வானத்தில் பறவையை நீக்கிய இடம் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மாலையில் சூரியன் மறைந்த சில நிமிடங்களில் மெரினாவில் நின்று கடலைப் பார்த்தால், கிழக்கு வானத்தின் அடியில் சாம்பல் கலந்த நீலமும், அதற்கு மேல் இளஞ்சிவப்பும், இன்னும் மேலே வெளிர் நீலமும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாதபடி ஒன்றில் ஒன்று கரைந்திருக்கும். அப்படிப்பட்ட வானத்தில் ஒரு பருந்தோ காற்றாடியோ வேண்டாத இடத்தில் வந்து விழுந்துவிட்டால், அதை நீக்குவது மரக்கிளையின் மேல் உட்கார்ந்த பறவையை நீக்குவதைவிடக் கடினமானது. மரத்தில் சிறு பிழைகளை இலைகள் மறைத்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரையில் கிம்ப் 2.10 மென்பொருளை வைத்தே வழிகளைச் சொல்கிறேன். உதாரணமாக ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 6000 பிக்செல், உயரம் 4000 பிக்செல். இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் பகுதி ஏறத்தாழ 2000 பிக்செல் உயரம் உள்ளது. அந்த உயரத்தில் சிவப்பு சேனலின் அளவு 204-இலிருந்து 176-க்கு இறங்குகிறது, நீல சேனலோ 190-இலிருந்து 196-க்கு மட்டும் ஏறுகிறது. நடுவில் இறக்கை விரித்த ஒரு பருந்து 150 பிக்செல் அகலத்தில் இருக்கிறது. வலப்புறம் வாலோடு சேர்த்து 500 பிக்செல் நீளமுள்ள காற்றாடி ஒன்றும், அதிலிருந்து கீழே இறங்கும் நூலும் இருக்கின்றன.

கீழே வரும் அறிகுறிகள் அனைத்தையும் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். வானத்தில் இரண்டு பொருள்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று, மிக மெதுவாக மாறும் நிறச்சரிவு. மற்றொன்று, புகைப்படக்காரர்கள் நாய்ஸ் அல்லது கிரெய்ன் என்று சொல்லும் நுண்துகள். 8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 256 அளவுகளே உண்டு என்பதால், நம் உதாரணத்தில் சிவப்பு 28 படிகளாகத்தான் இறங்க முடியும். ஒவ்வொரு படியும் சுமார் 70 பிக்செல் உயரம். இவ்வளவு அகலமான படிகள் இருந்தும் அவை கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் துகள்தான். படியின் விளிம்பில் 190-ம் 189-ம் கலந்து சிதறிக் கிடப்பதால் கண் அதைச் சரிவாகவே வாசிக்கிறது. ஆகவே பறவையை நீக்கிய இடம் தெரிகிறது என்றால், அங்கே சரிவு பிசகியிருக்க வேண்டும், அல்லது துகள் போயிருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

## தொடங்கும் முன்: சோதனைப் பார்வை

முதலில் `Image > Precision` பட்டியலில் படத்தை 32 பிட் மிதவைப் புள்ளிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மூலப்படம் 8 பிட் ஜேபெக் என்றாலும் இது வீண் வேலை அல்ல. மாற்றுவதால் புதிய நிறம் எதுவும் பிறக்காது என்பது உண்மைதான்; ஆனால் இனிமேல் செய்யும் மங்கலாக்கலும் நிறத் திருத்தமும் 189-க்கும் 190-க்கும் இடையில் உள்ள பின்ன அளவுகளில் தங்க இடம் கிடைக்கும். கேமராவின் ரா கோப்பு கையில் இருந்தால், அதை 16 பிட் டிஃப் ஆக எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. அப்படி எடுக்கும்போது நாய்ஸ் குறைப்பைக் குறைவாக வையுங்கள். வழவழப்பான வானம் அழகு என்று நினைத்து அங்கேயே துகளைத் துடைத்துவிட்டால், பின்னர் வரும் எல்லாத் தொல்லைக்கும் அதுவே வேர்.

அடுத்தது சோதனைப் பார்வை. `Layer > New from Visible` கொடுத்துக் கிடைக்கும் லேயரில் `Colors > Levels` திறந்து, உள்ளீட்டின் கீழ் எல்லையை 170 என்றும் மேல் எல்லையை 210 என்றும் வைக்க வேண்டும். இந்தப் பெட்டி 0 முதல் 100 வரையான அளவில் திறந்தால், 67-ம் 82-ம் ஏறத்தாழ அதே எல்லைகள். 40 அளவுகள் 255 ஆக விரிவதால் ஒவ்வொரு வேறுபாடும் ஆறு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. சாதாரணப் பார்வையில் ஒன்றுமே தெரியாத இடத்தில் இப்போது மேடும் பள்ளமும் வரைபடம் போலத் தெரியும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிட்டு, வேலை செய்த பின் மீண்டும் புதிதாக உருவாக்கிப் பார்க்க வேண்டும். எல்லை எண்கள் உங்கள் வானத்துக்கு ஏற்ப மாறும். வானத்தின் மிகக் குறைந்த அளவுக்குச் சற்றுக் கீழும் மிக அதிக அளவுக்குச் சற்று மேலும் வைத்தால் போதும்.

பறவையைத் தொடும் முன்பே ஒரு முறை இந்தப் பார்வையைப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன். இரண்டு செய்திகள் அப்போதே கிடைக்கின்றன. பட்டைகள் மூலப்படத்திலேயே இருந்தனவா என்பது ஒன்று; கைபேசிப் படங்களில் பெரும்பாலும் இருக்கும். சம அளவுள்ள இடங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது மற்றொன்று. வானம் மேலிருந்து கீழாக மட்டுமே மாறுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். லென்ஸ் ஓரங்களை இருட்டாக்குவதால், படத்தின் நடுவில் கிடைமட்டமாக இருக்கும் சம அளவுக் கோடு இடது வலது மூலைகளை நெருங்கும்போது வளைந்து சாய்கிறது. பறவையின் இடத்துக்கு எங்கிருந்து வானத்தை எடுப்பது என்பதை இந்தக் கோடுதான் சொல்ல வேண்டும், தொடுவானம் அல்ல.

## அறிகுறி: பறவை இருந்த இடத்தைச் சுற்றி மங்கிய கருவளையம்

பறவை போய்விட்டது, ஆனால் அதன் நிழல் போல ஒரு சாம்பல் வளையம் அல்லது வெளிறிய ஓரம் எஞ்சியிருக்கிறது என்றால், தேர்வு பறவையின் உடலோடு ஒட்டி வரையப்பட்டிருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு பறவை முடிவதில்லை. இறக்கை அசைவின் மங்கல் சில பிக்செல்கள் வெளியே போகும். கூர்மையாக்கலால் வந்த வெளிர் கோடு அதைச் சுற்றி இருக்கும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்செல் கட்டங்களாகச் சுருக்குவதால், பறவையைத் தொடும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கொசு மொய்த்தது போன்ற சிதறல் பரவியிருக்கும். பறவையின் விளிம்பிலிருந்து குறைந்தது 25 பிக்செல் வெளியே எல்லை வைத்தால் இம்மூன்றும் உள்ளே அடங்கிவிடும்.

தேர்வு அகலமாக இருந்தும் கருமை வருகிறது என்றால், ஹீல் கருவி பயன்படுத்தப்பட்ட விதத்தில் பிழை இருக்கிறது. ஹீல் செய்வது இதுதான்: மூல இடத்தின் துகளை எடுத்துக்கொண்டு, பிரஷ் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் நிறத்தோடு பொருந்தும்படி அதன் நிறத்தை உள்ளே நிரவுகிறது. பறவையின் இறக்கை அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், இறக்கையின் கருமையும் வானத்தின் நிறம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டு உள்ளே இழுக்கப்படும். சிறு பிரஷ்ஷால் பறவையைத் தலையிலிருந்து வால் வரை தேய்ப்பவர்களுக்குக் கருமை விடாமல் ஒட்டிக்கொண்டே வருவது இதனால்தான்.

நம் 150 பிக்செல் பருந்துக்கு 220 பிக்செல் விட்டமுள்ள கடின விளிம்புப் பிரஷ்ஷை எடுக்க வேண்டும். சம அளவுக் கோட்டின் வழியே பக்கவாட்டில் 400 பிக்செலுக்குள் உள்ள சுத்தமான இடத்தில் `Ctrl` விசையோடு சொடுக்கி மூலத்தைக் குறித்துவிட்டு, பருந்தின் நடுவில் ஒரே ஒரு சொடுக்கு கொடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது. வட்டத்தின் விளிம்பு முழுவதும் சுத்தமான வானத்தில் விழுவதால் நிரவல் சரியாக வருகிறது. பறவையின் வடிவம் வட்டத்துக்குள் அடங்காது என்றால், முதலில் குளோன் கருவியால் கருமையை மட்டும் மூடிவிட்டு, அதன் மேல் ஹீல் கொடுக்கலாம். குளோன் விட்ட சிறு நிற வேறுபாட்டை ஹீல் பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி: மேகம் போன்ற திட்டுகள்

நான் பார்த்தவரை அதிகமாக நேரும் குறை இதுவே. பலரும் தவறான மருந்தால் தீர்க்கப் பார்ப்பதும் இதைத்தான். பறவை இருந்த இடம் மேலோட்டமாகப் பார்க்கச் சரியாக இருக்கிறது. ஆனால் படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது அங்கே மட்டும் வானம் அழுக்குப் பட்டது போலத் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. சோதனைப் பார்வையில் 30 முதல் 80 பிக்செல் அகலமுள்ள வெளிச்சமும் கருமையுமான கூட்டங்கள் நெருங்கிக் கிடக்கின்றன.

இங்கே துகள் இருக்கிறது, பிசகியது சரிவு. ஹீல் கருவி விளிம்பில் உள்ள நிறத்தை நம்புகிறது என்று பார்த்தோம். அந்த விளிம்புப் பிக்செல்களிலும் துகள் உண்டு. ஒரு பிக்செல் தற்செயலாக இரண்டு அளவு கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் விளிம்பை ஒட்டிய பகுதியில் ஒரு மெல்லிய கறையாக உள்ளே பரவுகிறது. ஒரு முறை சொடுக்கினால் அது புறக்கணிக்கத்தக்கது. ஆனால் சிறு பிரஷ்ஷால் பலமுறை தட்டும்போது, ஒவ்வொரு தட்டலும் முந்தைய தட்டலின் கறையை விளிம்பாக எடுத்துக்கொள்கிறது. திட்டு தெரிகிறதே என்று அதன் மேல் மீண்டும் ஹீல் கொடுப்பவர் ஒரு திட்டை எடுத்துவிட்டு மூன்றை வைக்கிறார்.

இதற்கு முறையான தீர்வு, சரிவையும் துகளையும் இரண்டு லேயர்களாகப் பிரித்துச் சரிவை மட்டும் திருத்துவது. இதைத் தொடங்கும்போது பறவை முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் மங்கலாக்கும்போது அதன் கருமை சுற்றியுள்ள வானத்தில் கலந்துவிடும்.

திருத்திய லேயரை நகலெடுத்து, நகலுக்கு `Filters > Blur > Gaussian Blur` மூலம் 12 பிக்செல் மங்கல் கொடுங்கள். அந்த நகலின் லேயர் முறையை `Grain extract` என்று மாற்றினால் திரையில் சாம்பல் நிறத்தில் துகள் மட்டும் தெரியும். இந்த நிலையில் `New from Visible` கொடுத்தால் துகள் ஒரு தனி லேயராகக் கிடைத்துவிடும். பின்னர் மங்கலான நகலின் முறையை மீண்டும் `Normal` ஆக்கி, மேலே உள்ள துகள் லேயரை `Grain merge` ஆக்க வேண்டும். படம் முன்பு இருந்தபடியே திரும்பத் தெரியும். அப்படித் தெரியாவிட்டால் லேயர்களின் வரிசையோ முறையோ எங்கோ மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

இப்போது மங்கலான லேயரை இன்னொரு முறை நகலெடுத்து, அந்த நகல் முழுவதற்கும் 60 பிக்செல் மங்கல் கொடுத்து, கருப்பு முகமூடி போட்டு மறைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஓரம் மிக மென்மையான பெரிய வெள்ளை பிரஷ்ஷால், திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் முகமூடியைத் திறக்க வேண்டும். திட்டுகள் கரைந்துவிடும், நிறச்சரிவோ அப்படியே இருக்கும். காரணம் எளிமையானது. சீராக ஏறும் சரிவில் ஒரு புள்ளிக்கு மேலே உள்ளது எவ்வளவு கூடுதலோ, கீழே உள்ளது அவ்வளவு குறைவு என்பதால், சுற்றிலும் சராசரி எடுத்தாலும் அந்தப் புள்ளியின் அளவு மாறுவதில்லை. சரிவோடு ஒட்டாமல் தனியே எழும்பி நிற்கும் மேடுபள்ளங்களே சராசரியில் மறைகின்றன. துகள் தனி லேயரில் பத்திரமாக இருப்பதால் அதுவும் தொடப்படவில்லை.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. 60 பிக்செல் மங்கல் ஏறத்தாழ அதன் மூன்று மடங்கு தூரம் வரை நிறத்தை இழுத்து வரும். ஆகவே தொடுவானத்துக்கோ படகின் கொம்புக்கோ 180 பிக்செலுக்குள் இருக்கும் திட்டுக்கு இதைப் பயன்படுத்தினால் அவற்றின் நிறம் வானத்தில் கசியும். அங்கே மங்கலை 20 பிக்செலுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அல்லது சம அளவுக் கோட்டில் தள்ளியுள்ள வானத்தை ஒட்டாக எடுத்து வைக்க வேண்டும்.

## அறிகுறி: பெரிய காற்றாடியை நீக்கியதும் ஓர் ஒட்டுத் துண்டு தெரிகிறது

500 பிக்செல் நீளமுள்ள காற்றாடியை ஒரே ஹீல் சொடுக்கில் மூட முடியாது. அதைச் சுற்றி 30 பிக்செல் இடைவெளி விட்டுத் தேர்வு வரைந்து, ஓரம் மெல்லக் கரையும்படி 15 பிக்செல் ஃபெதர் கொடுத்து, தேர்வின் கோட்டை மட்டும் சம அளவுக் கோட்டின் வழியே இடப்பக்கம் 900 பிக்செல் நகர்த்தி, அங்குள்ள வானத்தை நகலெடுத்து, `Edit > Paste as > New Layer in Place` கொடுத்துத் திரும்ப வலப்பக்கம் நகர்த்தி வைக்கலாம். உண்மையான துகளோடு வரும் ஒட்டு என்பதால் துகளைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் நிறம் துல்லியமாக ஒட்டுவது அரிது. சாதாரணப் பார்வையில் ஒரு அளவு வேறுபாடு கூட மங்கிய வடிவமாகத் தெரிந்துவிடும்.

கண்ணால் பார்த்து நகர்த்திக்கொண்டிருப்பதைவிட அளந்துவிடுவது மேல். ஒட்டின் மேல் விளிம்புக்கு உள்ளே 60-க்கு 60 பிக்செல் தேர்வு போட்டு, ஹிஸ்டோகிராம் சாளரத்தில் `Mean` என்ற எண்ணைச் சிவப்பு சேனலுக்குப் பார்க்க வேண்டும். ஹிஸ்டோகிராம் தேர்ந்தெடுத்த லேயரின் எண்ணையே காட்டும் என்பதால், வெளியே அளக்கும்போது கீழ் லேயரைச் சொடுக்கிக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் ஒட்டுக்கு வெளியே எடுத்த எண்ணையும் இதையும் ஒப்பிட வேண்டும். நம் படத்தில் மேலே உள்ளே 181.6, வெளியே 182.9, கீழ் விளிம்பில் உள்ளே 188.0, வெளியே 189.2. இரு முனையிலும் ஒட்டு ஏறத்தாழ 1.25 குறைவாக இருக்கிறது. ஆகவே சரிவின் சாய்வு பொருந்துகிறது, உயரம் மட்டும் தாழ்ந்திருக்கிறது. ஒட்டு லேயரில் `Levels` திறந்து, சிவப்பு சேனலில் உள்ளீட்டின் நடு எண்ணை 1.00-இலிருந்து 1.02 ஆக்கினால், 182 என்ற அளவு சுமார் 183.2 ஆக உயர்கிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் இப்படியே தனித்தனியாக அளந்து செய்ய வேண்டும். இந்த அளவு நுணுக்கமான நகர்த்தல் 8 பிட்டில் முழு எண்ணாக உருட்டப்பட்டுவிடும் என்பதால்தான் தொடக்கத்திலேயே 32 பிட்டுக்கு மாறச் சொன்னேன்.

மேல் முனையில் ஒட்டு கூடுதலாகவும் கீழ் முனையில் குறைவாகவும் இருந்தால், அது வேறு சாய்வுள்ள இடத்திலிருந்து வந்த துண்டு. அதைத் திருத்த முயல்வதைவிட வேறு இடத்திலிருந்து எடுப்பதே குறைந்த நேரம் பிடிக்கும்.

நூலுக்கு இவ்வளவு தேவையில்லை. நூல் 3 அல்லது 4 பிக்செல்தான் தடிமன். 14 பிக்செல் ஹீல் பிரஷ்ஷை எடுத்து, மூலத்தைக் கிடைமட்டமாக 40 பிக்செல் தள்ளிக் குறித்து, ஒரு முனையில் சொடுக்கி, `Shift` அழுத்தியபடி சற்றுத் தள்ளி அடுத்த இடத்தில் சொடுக்கினால் நேர்கோட்டில் நீங்கும். காற்றில் நூல் வளைந்து தொங்குவதால் ஒரே நேர்கோடாக முழு நீளத்துக்கும் இழுக்காமல் 200 பிக்செல் துண்டுகளாகப் போக வேண்டும்.

## அறிகுறி: அந்த இடம் மட்டும் மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கிறது

100 சதவீதப் பெரிதாக்கத்தில் சுற்றிலும் மணல் போலத் துகள் தெரிய, பறவை இருந்த இடம் மட்டும் கண்ணாடியாக இருந்தால், யாரோ அதை மங்கலாக்கியிருக்கிறார்கள் அல்லது நிறச்சரிவுக் கருவியால் நிரப்பியிருக்கிறார்கள். சரிவு சரியாக இருக்கிறது, துகள்தான் போயிருக்கிறது. படிகள் முதலில் தலைகாட்டும் இடமும் இதுவே.

அளவை இங்கும் ஹிஸ்டோகிராமே சொல்லும். சம அளவுக் கோட்டின் வழியே 200 பிக்செல் அகலமும் 20 பிக்செல் உயரமும் உள்ள மெல்லிய தேர்வில் `Std dev` என்ற எண்ணைப் பாருங்கள். தேர்வு உயரமாக இருந்தால் நிறச்சரிவும் அந்த எண்ணில் கலந்துவிடும் என்பதாலேயே இந்த மெல்லிய வடிவம். சுத்தமான வானத்தில் 1.8-ம் நிரப்பிய இடத்தில் 0.3-ம் வந்தால் விடை தெளிவு.

மேலே புதிய லேயர் ஒன்றை வைத்து நடுச் சாம்பலால் நிரப்பி, முறையை `Grain merge` ஆக்க வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 0 முதல் 100 வரையான அளவுகோலில் மூன்று சேனலுக்கும் 50 என்று கொடுங்கள். பழக்கத்தில் `808080` என்று தட்டினால் அது சரி பாதியைவிட அரை அளவு கூடுதல். சாதாரண வேலையில் பொருட்டல்ல, ஆனால் இங்கே சோதனைப் பார்வையில் அந்த அரை அளவும் ஒரு வெளிர் வடிவமாகத் தெரியும். பின்னர் `Filters > Noise > RGB Noise` திறந்து, `Linear RGB` குறியை எடுத்துவிட்டுத் துகளைச் சேர்த்து, அதற்கு 0.6 பிக்செல் மங்கல் கொடுக்க வேண்டும். கேமராத் துகள் ஒரு பிக்செலில் தனித்து நிற்பதில்லை. பக்கத்துப் பிக்செலோடு சற்றுக் கலந்தே வருகிறது. மங்கல் கொடுக்காத துகள் கூர்மையான உப்பு போலத் தனித்துத் தெரியும். மங்கல் அளவைக் குறைத்துவிடும் என்பதால், அதன் பிறகு அளந்து 1.8 வரும் வரை துகளைக் கூட்டிக்கொள்ளலாம். கடைசியாக முகமூடியால் அந்த லேயரை நிரப்பிய இடத்துக்குள் மட்டும் அடக்கிவிட வேண்டும்.

மூலப்படமே துகள் இல்லாத கைபேசிப் படம் என்றால், ஒட்டுக்கு மட்டும் துகள் சேர்ப்பது பிழையை இடம் மாற்றுவதே. அப்போது வானம் முழுவதற்கும் ஒரே அளவு மெல்லிய துகள் சேர்ப்பதுதான் நேர்மையான வழி.

## அறிகுறி: இளஞ்சிவப்பும் பச்சையுமான மெல்லிய பட்டைகள்

மூன்று சேனல்களும் ஒரே இடத்தில் படி இறங்குவதில்லை. நம் படத்தில் சிவப்பு 70 பிக்செலுக்கு ஒரு படியும், நீலம் 330 பிக்செலுக்கு ஒரு படியும் மாறுகின்றன. துகள் போன இடத்தில் சிவப்பு மட்டும் ஒரு அளவு இறங்கி, மற்ற இரண்டும் காத்திருக்கும் பட்டையில் லேசான பச்சை தெரியும். அடுத்த சேனல் மாறும்போது அது இளஞ்சிவப்பாகும். நிறத்தைத் திருத்த முயல வேண்டாம். மேலே சொன்ன துகள் சேர்ப்பை `Independent RGB` குறியோடு, சேனலுக்குச் சேனல் வேறுபடும்படி செய்தால் பட்டைகள் தாமே கலைந்துவிடும்.

சில நேரம் பட்டை படத்தில் இல்லாமல் திரையில் மட்டும் இருக்கும். அதை உறுதிப்படுத்த, `Pointer` சாளரத்தைத் திறந்து வைத்துப் பட்டையின் விளிம்பைக் குறுக்கே சுட்டியால் கடக்க வேண்டும். எண்கள் பல பிக்செல்களுக்கு ஒரே அளவில் நின்று, விளிம்பில் சட்டென ஒன்று மாறினால் பட்டை உண்மையானது. எண்கள் துகளோடு ஏறி இறங்கிக்கொண்டே மெதுவாக நகர்ந்தால் படத்தில் குறையில்லை. விலை குறைந்த திரைகள் எல்லா அளவுகளையும் காட்டாததே காரணம்.

## அறிகுறி: கிம்ப்பில் நன்றாக இருந்தது, ஏற்றுமதி செய்ததும் பட்டை வந்துவிட்டது

பெரும்பாலும் இது சிறிதாக்கலில் நேர்கிறது. 6000 பிக்செல் அகலத்தை 1500 ஆக்கும்போது, 16 பிக்செல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. சராசரியில் துகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைகிறது. 1.8 இருந்தது 0.5-க்குப் பக்கத்தில் வந்துவிடும். படியை மறைக்க அரை அளவு துகளாவது வேண்டும் என்பதால் இது விளிம்பு நிலை. மூலப்படத்தின் துகள் 1.0 ஆக இருந்திருந்தால் பட்டை நிச்சயம். ஆகவே சிறிதாக்கும் வேலையை 32 பிட்டிலேயே செய்து, சிறிதாக்கிய பின்னர் அளந்து பார்த்து, குறைந்திருந்தால் முன்பு சொன்ன சாம்பல் லேயர் வழியில் மீண்டும் 0.7 அளவுக்குத் துகள் சேர்க்க வேண்டும். அதன் பிறகு லேயர்களை ஒன்றாக்கி, `Image > Precision` மூலம் 8 பிட்டுக்கு மாற்றும்போது வரும் பெட்டியில், படி விளிம்புகளைத் துகள் போலச் சிதறடிக்கும் டிதரிங்கை லேயர்களுக்கு `Floyd-Steinberg` என்று கொடுக்கலாம். நேரடியாக ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் இந்தத் தேர்வு கேட்கப்படாமல் போய்விடும்.

ஜேபெக்கின் தரத்தை 92-க்குக் குறையாமலும், சப்சாம்ப்ளிங் `4:4:4` என்றும் வைக்க வேண்டும். தரம் குறைந்தால் அது முதலில் தூக்கி எறிவது நாம் பாடுபட்டுச் சேர்த்த துகளைத்தான்; அது போனதும் 8 பிக்செல் கட்டங்கள் வானத்தில் ஓடு பதித்தது போலத் தெரியும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் செயலி மீண்டும் சுருக்கிவிடும் என்பதால், அச்சகத்துக்கோ வாடிக்கையாளருக்கோ அனுப்பும் படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.